லாகின் பக்கம் கேட்கும் ஹாஸ்டல் வைஃபையில் டிவியை இணைப்பது எப்படி?

வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்தால் டிவி உடனே இணைந்துவிடும். சில ஹாஸ்டல்களில் பாஸ்வேர்டுகூடக் கேட்காது. ஆனால் யூடியூபைத் திறந்தால் இன்டர்நெட் இல்லை என்று வரும். அதே வைஃபையில் போனை இணைத்தால் ஒரு பக்கம் தானாகத் திறக்கும். அறை எண்ணோ பயனர் பெயரோ கேட்கும், கொடுத்ததும் எல்லாம் ஓடும். டிவியில் அந்தப் பக்கம் வராததுதான் சிக்கல்.

இதைத் தீர்க்க நான்கு வழிகள் இருக்கின்றன. செலவும் சிரமமும் குறைந்ததிலிருந்து வரிசையாகச் சொல்கிறோம். முதல் வழியிலேயே வேலை முடிந்துவிட்டால் மற்றவற்றைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். பின்னால் வரும் எல்லாமே அதை வைத்துத்தான்.

லாகின் பக்கம் உண்மையில் என்ன செய்கிறது

வைஃபை உள்ள எந்தக் கருவிக்கும் மேக் முகவரி என்று ஒன்று உண்டு. `3C:5A:B4:10:8E:F2` என்பதுபோல 12 எழுத்துகளில் இருக்கும். ஹாஸ்டலின் கேட்வே, அதாவது எல்லோருடைய இன்டர்நெட்டும் கடந்துபோகும் பெட்டி, உங்கள் கருவியை இந்த முகவரியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. புதிய முகவரி ஒன்று உள்ளே வந்தால் அதற்கு ஐபி முகவரி கொடுக்கும், ஆனால் வெளியே விடாது. அது எந்த இணையதளத்தைக் கேட்டாலும் லாகின் பக்கத்தைக் காட்டும். நீங்கள் லாகின் செய்ததும் அந்த மேக் முகவரி அனுமதிப் பட்டியலில் சேரும். அதன்பிறகு தடை இல்லை.

அதாவது, போனில் லாகின் செய்தால் போனின் மேக் முகவரிக்குத்தான் அனுமதி கிடைக்கிறது, டிவிக்கு அல்ல. டிவியின் முகவரியை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அல்லது ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒரு கருவிக்குப் பின்னால் டிவியை வைக்க வேண்டும். கீழே வரும் நான்கு வழிகளும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன.

தொடங்கும் முன் டிவியின் நெட்வொர்க் அமைப்பில் ஐபி முகவரியைப் பாருங்கள். `10.` அல்லது `172.` அல்லது `192.168.` என்று தொடங்கும் முகவரி இருந்து, இன்டர்நெட் சோதனை மட்டும் தோற்றால் அது லாகின் பக்கச் சிக்கல்தான். `169.254.` என்று தொடங்கினால் டிவிக்கு ஐபி முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். சிக்னல் பலவீனமாக இருக்கலாம், அல்லது அந்த வைஃபையில் இடம் நிரம்பியிருக்கலாம். அதை முதலில் சரிசெய்யாமல் இங்கே சொல்லும் எதுவும் பலிக்காது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சில கல்லூரி வைஃபைகள், பிரவுசரில் அல்லாமல், வைஃபையைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அது வேறு முறை. பெரும்பாலான டிவிகளில் அதற்கு வசதியே இருக்காது. உங்களுடையது அந்த வகை என்றால் முதல் வழியை விட்டுவிட்டு, மேக் பதிவு அல்லது லேப்டாப் வழிக்குப் போங்கள்.

முதல் வழி: டிவியின் பிரவுசரிலேயே லாகின்

ஃபயர் டிவி ஸ்டிக்கும், கூகுள் டிவி உள்ள கருவிகளும் வைஃபையில் இணைந்ததும் லாகின் பக்கத்தைத் தாமாகவே திறக்கப் பார்க்கும். ரோக்குவில் பிரவுசர் கிடையாது. ஆனால் நெட்வொர்க் அமைக்கும்போது ஹோட்டலிலோ கல்லூரி விடுதியிலோ இருப்பதாகச் சொல்லும் தேர்வு ஒன்று வரும். அதை அழுத்தி, திரையில் காட்டும்படி போனை இணைத்தால் போனிலிருந்தே அதற்காக லாகின் செய்துவிடலாம். சாம்சங், எல்ஜி டிவிகளில் பிரவுசர் ஆப் இருக்கிறது, ஆனால் பக்கத்தை நாம்தான் வரவழைக்க வேண்டும்.

அதற்குப் பிரவுசரைத் திறந்து முகவரிப் பட்டையில் இதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள்:

```
http://neverssl.com
```

தொடக்கத்தில் `https` அல்ல, `http`. புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த ஓர் எழுத்தில்தான். `https` உள்ள தளத்துக்கும் உங்களுக்கும் நடுவில் யாரும் புகுந்து வேறு பக்கத்தைக் காட்ட முடியாது. பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் நடுவில் புகுந்து வேறு பக்கத்தைக் காட்டுவதுதானே கேட்வேயின் வேலை! அதனால் கூகுள் போன்ற தளங்களைத் திறந்தால் லாகின் பக்கம் வராது. தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழில் பிழை என்றோ, வெற்றுத் திரையோதான் வரும். மேலே உள்ள தளம் வேண்டுமென்றே `http`-யில் மட்டும் இயங்குகிறது, இந்த வேலைக்காகவே அதை வைத்திருக்கிறார்கள்.

அப்படியும் பக்கம் வரவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, டிவியின் டிஎன்எஸ் அமைப்பு, அதாவது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை எது என்று சொல்லும் இடம். வீட்டில் இருந்தபோது யாராவது அதில் `8.8.8.8` என்று கையால் போட்டிருக்கலாம். லாகின் செய்யாத கருவி வெளி டிஎன்எஸ்ஸை அணுக முடியாதபடி பல கேட்வேகள் தடுத்துவிடும், தளத்தின் பெயரே கண்டுபிடிக்கப்படாமல் நின்றுபோகும். அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். இரண்டாவது, டிவியின் கடிகாரம். நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த டிவி, பல வருடங்களுக்கு முந்தைய தேதியைக் காட்டிக்கொண்டிருக்கலாம். நேரத்தை இன்டர்நெட்டிலிருந்துதான் அது எடுக்கும், இன்டர்நெட்டோ லாகினுக்குப் பிறகுதான். தேதி அப்படிப் பின்தங்கியிருந்தால் லாகின் பக்கத்தின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்காததாகத் தெரியும். தேதியைக் கையால் சரிசெய்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.

பக்கம் வந்தும், ஒப்புக்கொள்கிறேன் என்ற சின்னக் கட்டத்தை ரிமோட்டால் தொட முடியாமல் போவதும் உண்டு. கணினி மவுஸ் ஒன்றை டிவியின் யுஎஸ்பி துளையில் செருகினால் பல டிவிகளில் அப்படியே வேலை செய்யும். ரிமோட்டோடு மல்லுக்கட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாம் வழி: மேக் முகவரியைப் பதிவு செய்வது

நீண்ட நாள் தங்கும் ஹாஸ்டல் என்றால் எங்கள் பரிந்துரை இதுதான். லாகின் பக்கமே வராது, ஒவ்வொரு நாளும் மறுபடி நுழைய வேண்டியதும் இருக்காது. பல ஹாஸ்டல்களில் இதற்குத் தனிப் பக்கமே இருக்கும். போனில் உங்கள் கணக்கில் நுழைந்து, கருவிகளைச் சேர்க்கும் இடத்தில் டிவியின் மேக் முகவரியைக் கொடுத்தால் போதும். அப்படிப் பக்கம் இல்லையென்றால் வார்டனிடமோ நெட்வொர்க் பார்ப்பவரிடமோ கேளுங்கள். ஹோட்டல் என்றால் வரவேற்பு மேசையில் சொன்னால் வைஃபை உதவி எண்ணைக் கொடுப்பார்கள். “டிவியில் லாகின் பக்கம் திறக்கவில்லை, மேக் முகவரியைச் சேர்த்துவிட முடியுமா?” என்று கேட்டாலே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

மேக் முகவரி டிவி அமைப்பில், நெட்வொர்க் நிலை அல்லது டிவியைப் பற்றிய தகவல் பக்கத்தில் இருக்கும். எழுதி எடுக்கும்போது மூன்று இடங்களில் தவறு நடக்கிறது.

லேன் துளை உள்ள டிவியில் இரண்டு மேக் முகவரிகள் இருக்கும், ஒன்று கம்பிக்கு, மற்றொன்று வைஃபைக்கு. வைஃபையில் இணைக்கப்போகும்போது கம்பியின் முகவரியைக் கொடுத்தால் பதிவு வெற்றி என்று வரும், டிவி மட்டும் ஓடாது.

அடுத்தது எழுத்துக் குழப்பம். மேக் முகவரியில் 0 முதல் 9 வரையும், A முதல் F வரையும் மட்டுமே வரும். எனவே வட்டமாகத் தெரிவது எப்போதும் பூஜ்யம்தான், O என்ற எழுத்தாக இருக்கவே முடியாது. 8-உம் B-உம்தான் உண்மையில் குழப்பும், அவற்றைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாதது. புதிய ஆண்ட்ராய்டு கருவிகள் தனியுரிமைக்காக உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை முகவரியைக் காட்டும். டிவியை ரீசெட் செய்தால் அது மாறக்கூடும், செய்த பதிவு வீணாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் கற்பனை முகவரி. மேலே கொடுத்த எடுத்துக்காட்டில் இரண்டாவது எழுத்து C, ஆகவே அது உண்மையான முகவரி. கற்பனை முகவரியாக இருந்தால் அந்த வைஃபையின் தனியுரிமை அமைப்பில் கருவியின் சொந்த மேக் முகவரியைப் பயன்படுத்தும்படி மாற்றிவிட்டு, புதிதாகத் தெரியும் முகவரியைப் பதிவு செய்யுங்கள்.

மூன்றாம் வழி: லேப்டாப்பின் ஹாட்ஸ்பாட்

டிவியில் பிரவுசர் இல்லை. மேக் பதிவுக்கும் வழியில்லை. கணக்குக்கு இரண்டு கருவிகள்தான் அனுமதி, அவை போனும் லேப்டாப்பும். இப்படி ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் லேப்டாப், தான் பெறும் வைஃபையை அப்படியே ஹாட்ஸ்பாட்டாகத் திருப்பித் தர முடியும். டிவி அதில் இணைந்தால் கேட்வேக்கு லேப்டாப் மட்டும்தான் தெரியும், மூன்றாவது கருவி என்ற கணக்கே வராது. ஆனால் இப்படிப் பகிர்வதை ஹாஸ்டல் விதி அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. லேப்டாப்பை ஹாஸ்டல் வைஃபையில் இணைத்து வழக்கம்போல் லாகின் செய்யுங்கள். ஏதாவது ஒரு தளம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள்.
2. விண்டோஸ் 11-இல் `Settings` → `Network & internet` → `Mobile hotspot` போங்கள். `Share my internet connection from` என்ற இடத்திலும் `Wi-Fi`, `Share over` என்ற இடத்திலும் `Wi-Fi` இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துத் தவறு என்று நினைக்க வேண்டாம்.
3. `Properties` பகுதியில் `Edit` அழுத்தி, ரிமோட்டில் அடிக்க எளிதான பெயரும் குறைந்தது 8 எழுத்துள்ள பாஸ்வேர்டும் வையுங்கள்.
4. அதே பக்கத்தில் உள்ள `Power saving` தேர்வை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் டிவியை அணைத்த சற்று நேரத்தில் ஹாட்ஸ்பாட்டும் தானாக நின்றுவிடும்.
5. ஹாட்ஸ்பாட்டை இயக்கி, டிவியில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து இணையுங்கள்.

சரியாக இணைந்ததா என்று அறிய டிவியின் ஐபி முகவரியைப் பாருங்கள். `192.168.137.` என்று தொடங்கினால் டிவி லேப்டாப்பின் பின்னால்தான் இருக்கிறது. வேறு மாதிரி இருந்தால், டிவி பழைய நினைவில் ஹாஸ்டல் வைஃபைக்கே தாவியிருக்கும். டிவியின் பட்டியலிலிருந்து அதை அழித்துவிடுங்கள்.

டிவியில் ஹாட்ஸ்பாட்டின் பெயரே தெரியவில்லை என்றால் அலைவரிசையைச் சந்தேகியுங்கள். பழைய டிவிகள் சில 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பார்க்கும். லேப்டாப் ஹாஸ்டல் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸில் பிடித்திருந்தால், பல லேப்டாப்களில் ஹாட்ஸ்பாட்டும் அதே 5-இல்தான் வரும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஒரே ரேடியோ. `Edit` பகுதியில் `Network band` என்பதை `2.4 GHz` என்று மாற்றிப் பாருங்கள். அந்தத் தேர்வு வரவில்லை என்றால், ஹாஸ்டல் வைஃபையின் 2.4 பெயர் தனியாக இருந்தால் லேப்டாப்பை முதலில் அதில் இணையுங்கள்.

இந்த வழியில் லேப்டாப் தூங்கினால் டிவியும் நின்றுவிடும். மின்சாரத்தில் செருகி, உறக்க நிலையை அணைத்து வைக்க வேண்டும். ஒரே ரேடியோ வாங்கவும் கொடுக்கவும் செய்வதால் வேகமும் ஏறத்தாழ பாதியாகும். எச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் போதும் என்பதால், லேப்டாப்பில் 15 மெகாபிட்டாவது வந்தால் கவலையில்லை.

ஆப்பிள் லேப்டாப்பில் இது முடியாது. வைஃபையில் வாங்கியதை வைஃபையிலேயே திருப்பித் தர அது விடாது. லேன் கம்பி வழியாகப் பகிரலாம், அதற்கு டிவியில் லேன் துளை இருக்க வேண்டும். ஐபோன் ஹாட்ஸ்பாட்டும் மொபைல் டேட்டாவைத்தான் பகிரும், வைஃபையை அல்ல. இது தெரியாமல் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டுப் படம் பார்த்தால் மணிக்கு 2 ஜிபிக்கு மேல் டேட்டா கரைந்துவிடும்.

நான்காம் வழி: டிராவல் ரவுட்டர்

லேப்டாப் செய்யும் அதே வேலையை, உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று நாள் முழுவதும் செய்யும். வாங்கும்போது ஒன்றை மட்டும் உறுதிசெய்யுங்கள்: `WISP` அல்லது `Repeater` என்ற பெயரில், வைஃபையை வாங்கித் தன் பின்னால் தனி நெட்வொர்க் அமைக்கும் முறை அதில் இருக்க வேண்டும். சிக்னலை நீட்டிக்க மட்டும் செய்யும் எக்ஸ்டெண்டர் உதவாது. அதன் பின்னால் இருக்கும் ஒவ்வொரு கருவியும் ஹாஸ்டலின் கேட்வேயிடமே ஐபி முகவரி கேட்கும், லாகின் பக்கச் சிக்கல் அப்படியே திரும்பி வரும்.

ரவுட்டரை இயக்கி, போனை அதன் வைஃபையில் இணைத்து, அடியில் ஒட்டியிருக்கும் முகவரியில் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஹாஸ்டல் வைஃபையைத் தேர்ந்தெடுங்கள். இப்போது போனில் `http://neverssl.com` திறந்தால் லாகின் பக்கம் வரும். அதில் நுழைந்ததும் அனுமதி பெறுவது போனின் முகவரி அல்ல, ரவுட்டரின் முகவரி. அதன்பிறகு டிவி, போன், ஸ்பீக்கர் எல்லாம் அதன் பின்னால் ஓடும். போனிலிருந்து டிவிக்கு காஸ்ட் செய்வதும் இதில்தான் நிச்சயமாக நடக்கும். ஹாஸ்டல் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பெரும்பாலும் தடுத்திருப்பார்கள், ஆகவே இரண்டும் அதே வைஃபையில் லாகின் ஆகியிருந்தாலும் போனுக்கு டிவி தெரியாது.

லாகின் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ரவுட்டரில் விபிஎன்னும், மறையாக்க டிஎன்எஸ்ஸும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். `DNS Rebinding Protection` என்ற தேர்வு இருந்தால் அதையும் லாகின் முடியும்வரை அணையுங்கள். லாகின் பக்கம் ஹாஸ்டலின் உள் முகவரியில் இருப்பதால், அதைத் தாக்குதல் என்று எண்ணி ரவுட்டர் மறைத்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. ஹாஸ்டலும் ரவுட்டரும் ஒரே `192.168.0.` வரிசையைப் பயன்படுத்தினால், எது உள்ளே எது வெளியே என்று ரவுட்டருக்குத் தெரியாது. ரவுட்டரின் லேன் முகவரியை `192.168.50.1` என்பதுபோல வேறு வரிசைக்கு மாற்றினால் சரியாகும்.

சில ஹாஸ்டல்கள் ரவுட்டரே கூடாது என்று விதித்திருக்கும். பக்கத்து அறைகளின் சிக்னலை அது கெடுக்கும் என்பதுதான் பெரும்பாலும் காரணம். இருப்பது தெரிந்தால் உங்கள் கணக்கையே முடக்கிவிடலாம், ஆகவே பெட்டியை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென நின்றால்

லாகினுக்கு ஆயுள் உண்டு. ஹோட்டல்களில் பெரும்பாலும் ஒரு நாள், ஹாஸ்டலில் ஒரு வாரமோ ஒரு மாதமோ இருக்கலாம். முடிந்ததும் போன் அதைத் தானே கண்டுபிடித்துப் பக்கத்தைத் திறக்கும், டிவி அப்படிச் செய்யாது. ஆப்களில் நெட்வொர்க் பிழை என்று மட்டும் வரும், வைஃபை அடையாளம் முழுதாக எரிந்துகொண்டே இருக்கும். ஆப்பை நீக்குவதோ டிவியை ரீசெட் செய்வதோ வேண்டாம். டிவியின் பிரவுசரில் மறுபடி `http://neverssl.com` திறந்து லாகின் செய்யுங்கள். லேப்டாப்போ ரவுட்டரோ வைத்திருந்தால் அதன் வழியாகச் செய்யுங்கள்.

கருவி எண்ணிக்கை நிரம்பிவிட்டது என்று பக்கம் சொன்னால், பழைய போனோ, மேக் முகவரி மாறிவிட்ட அதே போனோ பட்டியலில் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் கணக்கில் நுழைந்து பயன்படாத பதிவுகளை நீக்குங்கள். நீக்கும் வசதி பக்கத்தில் இல்லையென்றால் நெட்வொர்க் பார்ப்பவரிடம் டிவியின் மேக் முகவரியைத் தவிர மற்றதை அழித்துத் தரச் சொல்லுங்கள். அதன்பிறகு போனில், அந்த வைஃபைக்கு மட்டும், கற்பனை மேக் முகவரியை அணைத்து வைத்தால் இடம் மறுபடி நிரம்பாது.